பெட்டியில் இருக்கும் எண்ணுக்கு எத்தனை மார்க்?

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் புதிதாக வந்த ஒரு போனின் பெயரைச் சொன்னால் போதும். கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை எம்ஏஎச், ரேம் எத்தனை ஜிபி என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். "சரி, எம்ஏஎச்னா என்ன?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். ஒரு பையன் மட்டும் கையைத் தூக்கி, "மணி நேரம் சார்" என்பான். அவன் சொல்வதில் பாதி சரி. எங்கள் பள்ளிக் கணினி மன்றத்தின் வினாடி வினாவை நான் எப்போதும் அந்தப் பாதியில் இருந்துதான் தொடங்குவேன்.

போட்டிக்குத் தேவையானது காலியான போன் பெட்டிகள்தான். ஓர் அணிக்கு ஒரு பெட்டி. பெட்டியின் பின்பக்கமோ அடிப்பக்கமோ ஒட்டியிருக்கும் லேபிளைப் பார்த்தே கேள்வி, லேபிளைப் பார்த்தே பதில். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து மார்க். சுருக்கெழுத்தின் விரிவாக்கத்தைச் சொன்னால் ஒன்று. அது போனில் என்ன வேலை செய்கிறது என்று சொன்னால் இரண்டு. அந்த எண்ணை எந்த நிலையில் அளந்திருப்பார்கள் என்று சொன்னால் மீதி இரண்டு. மனப்பாடம் செய்து வருகிற பிள்ளைகள் ஒரு மார்க்கோடு நின்றுவிடுவார்கள். கடைசி இரண்டு மார்க்தான் இந்தப் போட்டியின் உயிர் என்பது என் எண்ணம். கடையில் போன் வாங்கும்போது நமக்கு உதவுவதும் அதுதான்.

முதல் கேள்வி: 5000 எம்ஏஎச் பேட்டரி என்றால் என்ன?

விடை: மில்லி ஆம்பியர் மணி. பேட்டரி மொத்தமாக எவ்வளவு மின்னோட்டத்தை எவ்வளவு நேரம் தர முடியும் என்பதைக் காட்டும் அளவு.

இதைக் கரும்பலகையில் ஒரு பெருக்கல் கணக்காகவே போட்டுவிடலாம். போன் 500 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் 5000 எம்ஏஎச் பேட்டரி பத்து மணி நேரம் தாங்கும். கேம் விளையாடும்போது 1000 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஐந்து மணி நேரம். "மணி நேரம்" என்று சொன்ன பையன் இங்கே பாதியை எழுதி முடித்துவிடுவான். இழுக்கிற மின்னோட்டம் தெரியாமல் மணி நேரத்தைச் சொல்ல முடியாது என்பதுதான் மறுபாதி. ஒரே 5000 எம்ஏஎச் உள்ள இரண்டு போன்களில் ஒன்று மாலைவரை வருவதும் இன்னொன்று மத்தியானமே அணைந்துபோவதும் இதனால்தான். திரையும் சிப்பும் இழுக்கிற அளவு வேறு. சிக்னல் பலவீனமான இடத்தில் டவரைத் தேடித் தேடியே பேட்டரி கரைவதும் உண்டு.

லேபிளில் பேட்டரி எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் "டிபிகல்" என்று இருக்கும். சில பெட்டிகளில் "ரேட்டட்" என்று சற்றே குறைந்த இன்னொரு எண்ணும் இருக்கும். டிபிகல் என்பது தயாராகும் பேட்டரிகளில் சராசரியாகக் கிடைக்கும் கொள்ளளவு. ரேட்டட் என்பது குறைந்தபட்சம் இவ்வளவாவது இருக்கும் என்று நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் அளவு. விளம்பரத்தில் வருவது பெரிய எண்தான்.

இதோடு ஒட்டி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 10000 எம்ஏஎச் பவர் பேங்க்கால் 5000 எம்ஏஎச் போனை எத்தனை தடவை முழுதாகச் சார்ஜ் செய்யலாம்?

எல்லா அணிகளும் ஒரே குரலில் "இரண்டு" என்று சொல்வார்கள். சரியான விடை, ஒன்றரைத் தடவைக்கும் கொஞ்சம் குறைவு. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பத்து நிமிடம் ஒதுக்கலாம், வீணாகாது.

பவர் பேங்க்குக்குள் இருக்கும் செல்லின் மின்னழுத்தம் சுமார் 3.7 வோல்ட். 10000 எம்ஏஎச் என்று முகப்பில் போட்டிருப்பது அந்த 3.7 வோல்ட்டில் அளந்தது. உண்மையில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று தெரிய இரண்டையும் பெருக்க வேண்டும். 10 ஆம்பியர் மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட் மணி. யுஎஸ்பி கேபிள் வழியாக வெளியே வருவதோ 5 வோல்ட். மின்னழுத்தம் கூடினால் எம்ஏஎச் குறைந்துதானே ஆக வேண்டும்? 37-ஐ 5-ஆல் வகுத்தால் 7.4, அதாவது 7400 எம்ஏஎச். மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றிலும் கேபிளிலும் ஒரு பகுதி சூடாக வீணாகிறது. அதையும் கழித்தால் 6000 எம்ஏஎச் அளவில் வந்து நிற்கும். நல்ல நிறுவனங்கள் இதை மறைப்பதில்லை. பவர் பேங்க்கைத் திருப்பிப் பாருங்கள், பொடி எழுத்தில் "ரேட்டட் கெபாசிட்டி" என்று 5800, 6000 போல ஓர் எண்ணும் அதன் அருகே 5 வோல்ட் என்றும் அச்சிட்டிருக்கும்.

மீதிக் கணக்கைப் பிள்ளைகளே போடுவார்கள். 6000 எம்ஏஎச்சை 5 வோல்ட்டால் பெருக்கினால் 30 வாட் மணி. போனுக்குள் போகும்போது இன்னும் பத்தில் ஒரு பங்கு போகட்டும் என்று வைத்தால் 27. போன் பேட்டரி 5000 எம்ஏஎச், 3.87 வோல்ட் என்றால் 19.35 வாட் மணி. 27-ஐ 19.35-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.4. இரண்டு தடவை என்று நம்பி ஊருக்குக் கிளம்பியவர் இரண்டாவது தடவை ஏன் பாதிக்கும் குறைவாகவே ஏறியது என்று யோசிக்க வேண்டியதில்லை. பவர் பேங்க்கில் கோளாறு இல்லை, அதன் கணக்கே அவ்வளவுதான்.

போலி பவர் பேங்க்கை அடையாளம் காணவும் இதே கணக்குதான் வழி. வாட் மணி, ரேட்டட் கெபாசிட்டி இரண்டும் அச்சிடாமல், உள்ளங்கையில் அடங்கும் லேசான பெட்டியின் மேல் 50000 எம்ஏஎச் என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பக் கூடாது. 10000 எம்ஏஎச்சே சுமார் 200 கிராம் எடை இருக்கும். ஆற்றலுக்கு எடை உண்டு. விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக அனுமதியும் வாட் மணியில்தான் பார்க்கப்படுகிறது, 100 வாட் மணிவரை தடையில்லை. 20000 எம்ஏஎச் என்றால் 74, போகலாம். 30000 என்றால் 111, விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

சார்ஜர் பற்றிய கேள்வி எளிது. 18 வாட் ஏற்கும் போனில் 67 வாட் சார்ஜரைப் போட்டால் போன் கெட்டுவிடுமா? கெடாது. தரமான சார்ஜராக இருந்தால், போன் தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். சார்ஜரின் மேல் இருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வந்துவிடும். 9 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 18 வாட். அந்த உச்ச வேகமும் பேட்டரி காலியாக இருக்கும்போதுதான் கிடைக்கும். 80 சதவீதம் தாண்டியதும் போன் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும்.

அடுத்து நினைவகம். இங்கே இரண்டு எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் பெரியவர்களும் குழம்புகிறார்கள். "8 ஜிபி, 128 ஜிபி" என்று பெட்டியில் இருந்தால் எது எதற்கு?

விடை: 8 என்பது ரேம், இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் இருக்கும் இடம், போனை அணைத்தால் காலியாகிவிடும். 128 என்பது சேமிப்பு, படமும் பாட்டும் ஆப்பும் நிரந்தரமாகத் தங்கும் இடம்.

இதை ஒரு சின்னச் செயல்முறையால் காட்டிவிடலாம். ஒரு கேமைத் திறந்து விளையாடுங்கள். வெளியே வந்து கேமரா, வாட்ஸ்அப், மேப் என்று வரிசையாகத் திறங்கள். மறுபடி கேமுக்குப் போங்கள். விட்ட இடத்திலேயே நின்றிருந்தால் ரேம் போதுமானதாக இருக்கிறது. நிறுவனத்தின் சின்னம் வந்து முதலில் இருந்து திறந்தால் ரேமில் இடம் இல்லாமல் கேமைப் போன் வெளியேற்றிவிட்டது என்று பொருள். சேமிப்பில் 60 ஜிபி காலியாக இருந்தாலும் இது நடக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. சில பெட்டிகளில் "16 ஜிபி ரேம்" என்று பெரிதாகவும், நட்சத்திரக் குறி போட்டு ஓரத்தில் "8 + 8" என்றும் இருக்கும். இரண்டாவது 8, சேமிப்பில் இருந்து கடன் வாங்கிய இடம். போனின் சேமிப்பு உண்மையான ரேமைவிட வேகம் குறைந்தது. அதனால் அதை ரேமோடு கூட்டிச் சொல்வது வாங்குபவரைத் திசைதிருப்பும் வேலை என்பேன். இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் அணிக்குக் கூடுதலாக ஒரு மார்க்.

128 ஜிபி பென் டிரைவை விண்டோஸ் கணினியில் செருகினால் ஏன் 119 என்று காட்டுகிறது என்பது கணக்கில் ஆர்வமுள்ளவர்களுக்கான கேள்வி. தயாரிப்பவர் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் இரண்டின் முப்பதாம் அடுக்கை, அதாவது 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சத்தை ஒரு ஜிபி என்கிறது. 12,800 கோடியை அதனால் வகுத்தால் 119. இடம் எங்கும் திருடு போகவில்லை. போனில் இதற்கும் மேல் ஆண்ட்ராய்டும் கூடவே வரும் ஆப்களும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

கேமராவுக்கு வருவோம். இந்தச் சுற்றில்தான் வகுப்பில் சத்தம் அதிகம்.

கேள்வி: 50 மெகாபிக்சல் கேமராவில் சாதாரணமாக எடுக்கும் படத்தில் எத்தனை மெகாபிக்சல் இருக்கும்?

விடை: பெரும்பாலான போன்களில் சுமார் 12.5.

நம்ப மாட்டார்கள். ஆசிரியர் போனில் அங்கேயே ஒரு படம் எடுத்து, கேலரியில் அதன் விவரத்தைத் திறந்து காட்ட வேண்டும். 4080 x 3060 போல ஏதாவது இருக்கும். பெருக்கச் சொல்லுங்கள். 1,24,84,800. ஒரு மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளி, ஆகவே இது பன்னிரண்டரை. மீதி எங்கே போனது? எங்கும் போகவில்லை. சென்சாரில் இருக்கும் புள்ளிகள் மிகச் சிறியவை. மழைக்கு வாசலில் நான்கு சின்ன டம்ளர்களை வைத்தால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான் தண்ணீர் சேரும், நான்கையும் ஒரே சொம்பில் ஊற்றினால் அளந்து சொல்லும்படி இருக்கும். போனும் அருகருகே உள்ள நான்கு புள்ளிகளில் விழுந்த வெளிச்சத்தைக் கூட்டி ஒரே புள்ளியாக எடுத்துக்கொள்கிறது. 50-ஐ நான்கால் வகுத்தால் 12.5. 108 மெகாபிக்சல் கேமராவில் ஒன்பதை ஒன்றாக்கினால் 12. 200 மெகாபிக்சலில் பதினாறை ஒன்றாக்கினால் மறுபடியும் 12.5. விலை எங்கெங்கோ இருக்கும் மூன்று போன்களும் அன்றாடப் படத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்து நிற்பதைப் பார்த்ததும் பிள்ளைகள் முகம் மாறும்.

பன்னிரண்டு போதுமா என்று அடுத்துக் கேட்பார்கள். முழு எச்டி டிவித் திரையில் இருப்பது 1920 x 1080, இரண்டு மெகாபிக்சல்தான். ஏ4 தாளில் தரமாக அச்சிட ஒன்பதுக்கும் குறைவாகவே போதும். ஆக, படம் நன்றாக வருவதை முடிவு செய்வது வேறொன்று. அது சென்சாரின் அளவு. நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அதைப் பின்னமாகப் போட்டிருப்பார்கள். ஒரு போனில் 1/1.56 அங்குலம், இன்னொன்றில் 1/2.76 அங்குலம். எது பெரியது? ஆறாம் வகுப்புப் பின்னக் கணக்கு இது. பகுதி சிறிதாக இருப்பதே பெரியது. எஃப் 1.8, எஃப் 2.4 என்று லென்ஸ் துவாரத்தைச் சொல்வதும் இதே கதை, சின்ன எண்ணே அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். 2.4-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஏறக்குறைய 1.8 மடங்கு வரும். கல்யாண மண்டபத்தில் இரவில் எடுக்கும் படம் தெளிவாக வருவதும் குழம்பி வருவதும் இந்த இரண்டு எண்களில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

முதுகில் எத்தனை லென்ஸ் என்று எண்ணிப் பார்த்து வாங்குவதில் பயனே இல்லை. மலிவான போன்களில் கூடுதலாக இருக்கும் 2 மெகாபிக்சல் லென்ஸ்கள் பெரும்பாலும் எண்ணிக்கைக்காக வைத்தவை. ஒன்றை விரலால் மூடிவிட்டு வழக்கம்போலப் படம் எடுத்துப் பாருங்கள், எந்த வித்தியாசமும் தெரியாவிட்டால் அந்தப் படத்தில் அதற்கு வேலை இல்லை.

திரைக்கு ஒரே கேள்வி வைப்பேன். 120 ஹெர்ட்ஸ் என்றால் திரை ஒரு நொடிக்கு 120 தடவை புதுப்பித்துக்கொள்ளும், விரலால் தள்ளும்போது எழுத்து வழுக்கிக்கொண்டு ஓடும். அதில் சினிமா பார்த்தால் இன்னும் வழவழப்பாக இருக்குமா? இருக்காது, சினிமா எடுக்கப்பட்டதே நொடிக்கு 24 படங்களாகத்தான். பெட்டியில் 240 ஹெர்ட்ஸ் என்று இன்னொரு எண் இருந்தால் அது விரல் தொடுவதைத் திரை கவனிக்கும் வேகம், படத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

தண்ணீர் சம்பந்தப்பட்ட கேள்வியைக் கடைசிக்கு முன்னால் வைப்பது வழக்கம். தவறான பதிலுக்குப் பணம் போகும் கேள்வி இது. ஐபி68 என்று போட்டிருக்கும் போனைக் குழாயடியில் காட்டிக் கழுவலாமா?

விடை: அந்த எண்ணை மட்டும் நம்பிக் கழுவக் கூடாது.

ஐபி எண்ணுக்கு ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரநிர்ணயம் இருக்கிறது. முதல் இலக்கம் தூசிக்கு, 6 என்றால் தூசி உள்ளே போகாது. இரண்டாவது தண்ணீருக்கு. 4 என்றால் தெறிக்கும் தண்ணீர். 5, 6 என்றால் பீய்ச்சி அடிக்கும் தண்ணீர். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். 8 என்றால் அதைவிடக் கடினமாக, எத்தனை ஆழம் எத்தனை நேரம் என்பதை நிறுவனமே சொல்லும். இதில் பலருக்கும் தெரியாத ஒன்று, 8 வாங்கிய போன் 5, 6 சோதனைகளிலும் தேறியதாக ஆகிவிடாது. அசையாத தண்ணீரில் மூழ்கிக் கிடப்பது ஒரு சோதனை, வேகமாக அடிக்கும் தண்ணீரைத் தாங்குவது வேறொரு சோதனை. இரண்டிலும் தேறியிருந்தால் ஐபி66, ஐபி68 என்று இரண்டையும் எழுதுவார்கள். சோதிக்காத இலக்கத்துக்கு எக்ஸ் போடுவார்கள், ஐபிஎக்ஸ்4 என்றால் தூசிக்குச் சோதனை பற்றிச் சொல்லவில்லை என்று பொருள்.

எந்த நிலையில் அளந்தது என்ற கடைசி இரண்டு மார்க் இங்கேதான் முழுதாகக் கிடைக்கும். புத்தம் புதுப் போன், நல்ல தண்ணீர், ஆய்வுக்கூடம். மெரினாவின் உப்புத் தண்ணீரும் துணி ஊறவைத்த சோப்புத் தண்ணீரும் அந்தச் சோதனையில் இல்லை. உள்ளே தண்ணீரைத் தடுப்பது ரப்பர் வளையமும் பசையும். கீழே விழுந்து விளிம்பு நெளிந்தாலோ, திரையை மாற்றும்போது பழைய பசையை எடுத்துவிட்டு அரைகுறையாக ஒட்டினாலோ பெட்டியில் உள்ள எண் செல்லாது. தண்ணீர் பட்டுப் பழுதானதை வாரன்டியில் ஏற்காத நிறுவனங்களே அதிகம். சர்வீஸ் சென்டரில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பல போன்களில் சிம் தட்டு நுழையும் துளைக்குள் ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், ஈரம் பட்டால் சிவந்துவிடும். பழைய போன் வாங்குபவர்கள் டார்ச் அடித்து அதைப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

கடைசிக் கேள்வி எஸ்ஏஆர். போனில் இருந்து வரும் ரேடியோ அலையில் உடல் உறிஞ்சிக்கொள்ளும் அளவு அது. *#07# என்று டயல் செய்தால் பல போன்களில் அந்த எண் திரையில் வரும். இந்தியாவில் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட், ஒரு கிராம் திசுவில் சராசரி எடுத்து அளப்பது. ஐரோப்பாவில் வரம்பு 2, அங்கே பத்து கிராமில் சராசரி. ஆகவே ஒரே போனுக்கு இரண்டு எண்கள் இருக்கும், அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. அளப்பதும் போன் முழுச் சக்தியில் அலையை அனுப்பும் நிலையில்தான். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் போன் அதைவிட மிகக் குறைவாகவே அனுப்பும், லிஃப்டிலும் அடித்தளத்திலும் பேசும்போது கூட்டும்.

இந்தப் போட்டியை உங்கள் ஊர்ப் பள்ளியில் நடத்த நினைத்தால் பத்துப் பெட்டிகள் போதும். வீட்டில் உபயோகத்தில் இல்லாத பழைய போன்களின் பெட்டிகளை எடைக்குப் போடாமல் பள்ளிக்குக் கொடுங்கள். கொடுக்கும் முன் லேபிளில் உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் கறுப்பு மையால் அடித்துவிடுங்கள். இப்போது பயன்படுத்தும் போனின் பெட்டியை மட்டும் யாருக்கும் தர வேண்டாம். போன் தொலைந்தால் போலீஸ் புகாருக்கும், சஞ்சார் சாத்தி தளத்தில் அந்தப் போனை முடக்கவும் அந்த எண் கையில் இருக்க வேண்டும்.